சிம் மாறவில்லை, நம்பர் மாறவில்லை, மெசேஜ் மட்டும் காணோம்

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுவது நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அவரவர் பணம், அவரவர் கண்பார்வை. மாறிய பிறகு சில வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கும் ஒரு கூத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற நம் மாதிரிக் குடும்பங்களை இது கொஞ்சம் அதிகமாகவே படுத்துகிறது. கோளாறு போனில் இல்லை, சிம்மில் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. அதனால் யாரிடம் போய்க் கேட்டாலும் "எல்லாம் சரியா இருக்கே சார்" என்பதுதான் பதில்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசினால் சுலபமாகப் புரியும். மாட்டுங்காவில் ஒரு மாமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளை நியூஜெர்சியில். போன தடவை வந்தபோது தன் பழைய ஐபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். மாமிக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், தமிழில் பேசி எழுத வேண்டும் என்று செம்பூரில் இருக்கும் பெண் வயிற்றுப் பேரன் அந்த ஐபோனை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, பெரிய திரை ஆண்ட்ராய்டு ஒன்று வாங்கிக் கொடுக்கிறான். சிம்மைக் கழற்றி இதில் போட்டாயிற்று. வாட்ஸாப் வந்துவிட்டது. போன் பேச முடிகிறது. வங்கியிலிருந்து ஓடிபி டாண் டாண் என்று வருகிறது. மாமிக்கு சந்தோஷம்.

பத்து நாள் கழித்து நியூஜெர்சியிலிருந்து போன். "என்னம்மா, மூணு மெசேஜ் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்லை. கோபமா?" மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ எங்கேடா போட்டே? உன் பொண்டாட்டியும் பிறந்தநாளுக்கு ஒரு வார்த்தை சொல்லலை." அவள் சொல்லியிருக்கிறாள், முதல் ஆளாக. அவளிடமும் ஐபோன்தான்.

இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் அனுப்பியது அனுப்பப்பட்டது. மாமியிடம் வரவும் இல்லை. நடுவில் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

ஐபோனில் இருக்கும் மெசேஜ் அப்ளிகேஷன் ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு வழிகள். ஒன்று, நமக்குத் தெரிந்த எஸ்எம்எஸ். ஜியோ, ஏர்டெல் போன்ற கம்பெனியின் கோபுரம் வழியாக, சிம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். இன்னொன்று ஐமெசேஜ். இது 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வந்தபோது கூடவே வந்தது. இண்டர்நெட் வழியாக ஆப்பிளின் சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிராளியின் ஆப்பிள் கருவிக்குப் போகும். பச்சைக் குமிழி என்றால் எஸ்எம்எஸ், நீலம் என்றால் ஐமெசேஜ். எந்த வழியில் அனுப்புவது என்று போன் நம்மைக் கேட்பதில்லை. தானே முடிவு செய்கிறது.

எப்படி முடிவு செய்கிறது? ஆப்பிளிடம் ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. இந்தப் போன் நம்பருக்கு இன்னின்ன கருவிகள், ஒவ்வொரு கருவிக்கும் பூட்டு இது என்று அதில் எழுதியிருக்கும். மாமியின் நம்பரைப் பிள்ளை தேர்ந்தெடுத்ததும், அவன் போன் அந்தப் பதிவேட்டைக் கேட்கிறது. "இந்த நம்பர் உன்னிடம் இருக்கிறதா?" இருந்தால் நீலம். இல்லாவிட்டால் பச்சை. அவ்வளவுதான் கணக்கு.

மாமியின் நம்பர் அந்தப் பதிவேட்டில் ஏறியது முதன்முதலில் சிம்மை ஐபோனில் போட்ட அன்று. அப்போது போன் தானாகவே ஒரு எஸ்எம்எஸ்ஸை வெளிநாட்டு எண் ஒன்றுக்கு அனுப்பி, இந்த நம்பர் என்னிடம் இருக்கிறது என்று பதிந்துகொள்ளும். (ப்ரீபெய்டு பேலன்ஸில் சில ரூபாய் காணாமல் போய், எவன் எடுத்தான் என்று கஸ்டமர் கேரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. அநேகமாக இந்த எஸ்எம்எஸ்தான் எடுத்திருக்கும்.) ஏறியது தானாக. ஆனால் இறங்குவது?

இங்கேதான் சிக்கல். சிம்மை ஆண்ட்ராய்டில் போட்டபோது ஆப்பிளின் பதிவேட்டுக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல ஆள் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் ஐமெசேஜ் கிடையாது, அது அந்த சர்வரோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. வாட்ஸாப்பில் இந்தத் தகராறு ஏன் வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தால் விளங்கும். புதுப் போனில் வாட்ஸாப்பைப் போட்டு நம்பரைச் சரிபார்த்ததும், அதே சர்வர் பழைய போனிலிருந்து நம்பரை வெளியே தள்ளிவிடுகிறது. புதிதாகக் குடிவந்தவனே பழையவன் போய்விட்டான் என்று சொல்லிவிடுகிறான். ஐமெசேஜில் புதுக் குடித்தனக்காரனுக்கு அந்த ஆபீஸுக்குள் போகவே வழியில்லை.

ஆக, பிள்ளையின் போன் கேட்கிறது, பதிவேடு "இருக்கிறது" என்கிறது, மெசேஜ் நீலமாகப் போகிறது. மாமியின் பழைய ஐபோன் எக்ஸ்சேஞ்சில் போய், துடைக்கப்பட்டு எங்கோ அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. சேர வேண்டிய கருவி பதில் சொல்லாததால் மெசேஜ் ஆப்பிளின் சர்வரில் காத்திருக்கிறது. சேராத மெசேஜை ஆப்பிள் 30 நாள் வரை வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். எஸ்எம்எஸ் வழிக்கு அது போகவே இல்லை, அதனால் மாமியின் சிம் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

வங்கி ஓடிபி எப்படி வந்தது என்று கேட்கலாம். வங்கி ஐபோனிலிருந்து அனுப்புவதில்லை. அதன் மெசேஜ் நேராக எஸ்எம்எஸ் வழியில் வருகிறது. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரர் அனுப்புவதும் அப்படியே. இதுதான் நோயின் சரியான அடையாளம். எல்லாருடைய எஸ்எம்எஸ்ஸும் வருகிறது, ஐபோன்காரர்களுடையது மட்டும் வரவில்லை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். சிம் மாற்ற காலரிக்கு அலைய வேண்டாம், போனை ரீசெட் செய்து போட்டோக்களைப் பறிகொடுக்கவும் வேண்டாம்.

அனுப்புகிறவர் பக்கத்திலும் ஓர் அடையாளம் உண்டு. சேர்ந்த ஐமெசேஜின் கீழே Delivered என்று பொடியெழுத்தில் வரும். மாமிக்கு அனுப்பிய நீலக் குமிழிகளின் கீழே அது இருக்காது. வெறுமையாக இருக்கும். இதை யார் கவனிக்கிறார்கள்? காரோட்டிக்கொண்டே "மெசேஜ் அம்மா" என்று வாயால் சொல்லி அனுப்புகிற பிள்ளை எங்கே குனிந்து பார்க்கப் போகிறான்.

நிற்க. நம் ஊரில் எல்லாரும் வாட்ஸாப்தானே, யார் எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்காவில் ஐபோன்காரர்களுக்குக் கை தானாகப் போவது அந்த மெசேஜ் பெட்டிக்குத்தான். வாட்ஸாப் குரூப் வேறு, தனியாக அம்மாவிடம் சொல்வது வேறு. இன்னொன்று, எஸ்எம்எஸ் பெட்டி நமக்குக் குப்பைத் தொட்டி மாதிரி. கடன் வேண்டுமா, ஃப்ளாட் வேண்டுமா என்பதைத் தவிர எதுவும் அங்கே வருவதில்லை என்று விட்டுவிட்டோம். அதனால் ஒருவர் மெசேஜ் நின்றுபோனால் நமக்கு வாரக்கணக்கில் தெரியாது. தெரிய வரும்போது அது தொழில்நுட்பக் கோளாறாகத் தெரிவதில்லை, "கண்டுக்கவே மாட்டேங்கறான்" என்றுதான் தெரிகிறது. ஒரு அவசரத்துக்கு அனுப்பிய மெசேஜ் என்றால் இன்னும் மோசம்.

இது ஏதோ நம் வீட்டுப் பிரச்னை மட்டுமில்லை. 2014 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி இதற்காகவே ஆப்பிள் மேல் வழக்குப் போட்டார். ஐபோன் 4 வைத்திருந்தவர், சாம்சங் கேலக்ஸி எஸ்5-க்கு மாறினார், ஐபோன் வைத்திருந்தவர்களின் மெசேஜ்கள் வராமல் போயின. தன்னைப் போன்ற எல்லாருக்காகவும் சேர்த்து வழக்கை நடத்த வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதே மாதம் ஆப்பிள், சர்வர் பக்கத்துக் கோளாறு ஒன்றைச் சரிசெய்துவிட்டதாகவும் இன்னொரு திருத்தம் வரப்போவதாகவும் சொன்னது. 2014 நவம்பரில் போன் கையில் இல்லாதவர்களும் நம்பரை நீக்கிக்கொள்ள ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தது. ஐமெசேஜ் வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! அதே நவம்பரில் நீதிபதி லூசி கோ வழக்கின் சில பகுதிகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை நடத்த அனுமதித்தார். 2015 ஆகஸ்டில், எல்லாருக்காகவும் சேர்த்து நடத்தும் கோரிக்கையை நிராகரித்தார். போன் மாற்றிய எல்லாருக்கும் இந்தக் கோளாறால்தான் மெசேஜ் தொலைந்தது என்று சொல்ல முடியாது, சிலருக்குத் தொலைந்திருக்கவே மாட்டாது என்பது காரணம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. வராத மெசேஜ் வந்து சேர வேண்டியவரிடம் எந்தத் தடயமும் விடுவதில்லை. தொலைந்தது என்று நிரூபிக்க வேண்டிய ஆளுக்கு, அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. தடயம் இருப்பது சர்வரில். எத்தனை மெசேஜ் யாருக்காகக் காத்திருந்து 30 நாளில் செத்துப் போயிற்று என்று தெரிந்துகொள்ளும் வசதி சர்வர் வைத்திருக்கும் ஆளிடம்தான் இருக்கிறது.

நம் தபால்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் வீடு மாறிப் போயிருந்தால் கடிதத்தின் மேல் அப்படியே எழுதி, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். அனுப்பியவருக்கு உடனே இல்லாவிட்டாலும் என்றைக்காவது தெரிந்துவிடும். ஐமெசேஜில் Delivered என்ற சொல் இல்லாமல் இருப்பதுதான் தகவல். இல்லாத ஒன்றைப் பார்த்துப் புரிந்துகொள் என்பது என்ன நியாயம்?

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். சர்வரின் கண்ணுக்கு, விற்கப்பட்ட போனும் அணைத்து வைத்த போனும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊருக்குப் போய் ஒரு வாரம் இண்டர்நெட் இல்லாமல் இருந்தவரை அவசரப்பட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கினால் அதுவும் வம்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீக்கச் சொல்லவில்லையே. "உங்கள் மெசேஜ் மூன்று நாளாகச் சேரவில்லை, எஸ்எம்எஸ்ஸாக அனுப்பட்டுமா" என்று அனுப்பியவரைக் கேட்க என்ன தடை? விருப்பம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எபிக் கேம்ஸ் வழக்கில் 2021-ல் வெளியான ஆப்பிள் நிறுவன மின்னஞ்சல்களில் ஒன்றில், ஆண்ட்ராய்டுக்கு ஐமெசேஜ் கொடுத்தால் ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தர இருக்கும் தடை போய்விடும் என்று அதன் உயரதிகாரி ஒருவரே எழுதியிருந்தார். வேண்டுமென்றே மெசேஜைத் தொலைத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். வெளியே போகிறவனுக்குக் கதவைத் திறந்துவிடும் அவசரம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சரி, மாமி கதைக்கு வருவோம். என்ன செய்ய வேண்டும்?

பழைய ஐபோன் இன்னும் கையில் இருந்தால் சுலபம். சிம்மைத் திரும்ப அதில் போட்டு, மொபைல் டேட்டா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, Settings-ல் Messages போய் iMessage என்பதை அணைக்க வேண்டும். (ஐஓஎஸ் 18 முதல் Settings-க்குள் Apps, அதற்குள் Messages.) அப்படியே FaceTime-ஐயும் அணைத்துவிடலாம். பிறகு சிம்மைக் கழற்றுங்கள். தாராவியிலோ வேறெங்கோ கடையில் போனை விற்கப் போகிறவர்கள் கடை வாசலில் நின்றுகொண்டு இதைச் செய்தால்கூடப் போதும், ஒரு நிமிஷ வேலை. முக்கியம், சிம் உள்ளே இருக்கும்போதே செய்வது.

போன் போய்விட்டது, மாமியைப் போல, என்றால் இந்தப் பக்கம்:

```
selfsolve.apple.com/deregister-imessage
```

எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம், ஆப்பிள் ஐடி, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். போன் இல்லாதவர்களுக்கான பகுதி கீழே இருக்கும். நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து, நம்பரைக் கொடுத்து, Send Code அழுத்தினால் ஆறு இலக்கக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும். அது ஆண்ட்ராய்டுக்கே வந்துவிடும், எஸ்எம்எஸ்தானே. அதைப் போட்டு Submit. முடிந்தது. இதைச் செய்ய நியூஜெர்சிப் பிள்ளையே போதும், மாமி போனில் குறியீட்டைப் படித்துச் சொன்னால் சரி. (பிள்ளைதானா என்று குரலைக் கேட்டு உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள். முன்பின் தெரியாதவன் யார் கேட்டாலும் குறியீடு சொல்லக் கூடாது.) அந்த நிமிஷமே எல்லாருடைய போனுக்கும் தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு நாள் விட்டு, பிள்ளையை ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். பச்சையாகப் போனால் வேலை முடிந்தது. தொலைந்துபோன பழைய மூன்று மெசேஜும் இனி வராது. அவனே திரும்ப அனுப்பினால்தான் உண்டு. அவனுடைய பழைய நீலக் குமிழியை அழுத்திப் பிடித்தால் Send as Text Message என்று ஒரு வரி வரும், அதைத் தொட்டால் எஸ்எம்எஸ்ஸாகப் போகும்.

நம்மவர்கள் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. நம்மில் பலரிடம் இரண்டு சிம். மும்பை நம்பர் ஒன்று, ஊர் நம்பர் ஒன்று. இரண்டு சிம் எடுக்கும் ஐபோன் என்றால் இரண்டு நம்பருமே பதிவேட்டில் ஏறியிருக்கலாம். மும்பை நம்பரை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தால், திருநெல்வேலி நம்பருக்கு அனுப்புகிற ஆளின் மெசேஜ் தொடர்ந்து கிணற்றில் விழும். இரண்டையும் தனித்தனியாக நீக்க வேண்டும். ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் குறியீடு வராமல் போகலாம், முதலில் அதை உயிர்ப்பியுங்கள்.

இதைவிட ஏமாற்றுவது ஐபேட். ஐபோனை விற்றாயிற்று, ஆனால் அதே ஆப்பிள் ஐடி போட்ட ஐபேட் வீட்டில் பேரன் கார்ட்டூன் பார்க்க இருக்கிறது. மெசேஜ் அங்கே போய் இறங்கும். அனுப்பியவருக்கு Delivered என்றே வரும். அவர் சத்தியம் செய்வார், சேர்ந்துவிட்டது என்று. சேர்ந்ததும் உண்மைதான், மாமியிடம் இல்லை. நம்பரை நீக்கிய பிறகும் சிலருக்கு இது தொடரும், ஏனென்றால் அவர்கள் அனுப்புவது நம்பருக்கு இல்லை, காண்டாக்டில் இருக்கும் ஈமெயில் விலாசத்துக்கு. ஐமெசேஜுக்கு ஈமெயிலும் ஒரு விலாசம். மேலே சொன்ன பக்கம் நம்பரை மட்டுமே நீக்கும். ஈமெயில் போக வேண்டுமானால் அந்த ஐபேடிலேயே Messages-ல் ஐமெசேஜை அணைக்க வேண்டும். அதோடு அனுப்புகிறவர் பழைய உரையாடலை விட்டுவிட்டு, நம்பரைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக ஒன்று தொடங்குவது நல்லது.

குரூப்பும் அப்படித்தான். அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் ஐமெசேஜில் வைத்திருந்த பழைய குரூப்பில் நம் பெயர் அப்படியே இருக்கும், அதில் பேசுவது நமக்கு வராது. அவர்கள் புதிதாக ஒரு குரூப் தொடங்க வேண்டும். அதற்கு வாட்ஸாப்பே மேல் என்று சொல்லிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள் சிரிக்க வேண்டாம் :-) கூகுள் மெசேஜஸின் ஆர்சிஎஸ்ஸிலும் இதே மாதிரி ஒரு பதிவேடு உண்டு. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தபோது ஐபோனுக்கும் ஆர்சிஎஸ் வந்தது, ஆனால் உங்கள் சிம் கம்பெனி ஆதரித்தால்தான் வேலை செய்யும். மாறுவதற்கு முன் பழைய ஆண்ட்ராய்டில் RCS chats என்பதை அணைத்துவிடுங்கள். மறந்துபோய் போன் கைமாறிவிட்டால் கூகுளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அங்கேயும் நம்பரும் எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடும்தான்:

```
messages.google.com/disable-chat
```